முட்டி வலி கணுக்காலுக்கு எப்படிப் போச்சு?

"பையனுக்கு 8 வயசு. மூணு வாரம் முன்னாடி தொண்டை வலி, ஜுரம். ஸ்ட்ரெப் கிருமின்னு சொல்லி 10 நாளைக்கு அமாக்ஸிசிலின் குடுத்தாங்க. நாலாவது நாளே ஓடி ஆட ஆரம்பிச்சுட்டான், நிறுத்திட்டேன். இவ்வளவு ஆன்டிபயாட்டிக் ஆகாதுன்னு மாமியாரும் சொன்னாங்க. நிறுத்தினது தப்பா மேடம்? மத்தபடி நல்லாத்தான் இருக்கான், போன வாரம் முட்டி வீங்குச்சு, விளையாட்டுல அடின்னு விட்டுட்டேன், அது சரியாகி இப்ப கணுக்கால் வலிக்குதுங்கறான்."

தப்பா இல்லையான்னு அப்புறம் பேசலாம், அந்தக் கடைசி வரிய நீங்களே இன்னொரு தடவ படிங்கம்மா. அடிபட்ட முட்டின்னா அந்த முட்டிதான் வலிக்கும், அது கெளம்பி கணுக்காலுக்குப் போகாது. வளர்ற வயசு வலியா இருந்தா ராத்திரி ரெண்டு காலும் வலிக்கும், வீக்கம் இருக்காது, காலைல எழுந்து ஓடிடுவான். ஒரு மூட்டு வத்தி அடுத்த மூட்டு பிடிக்கறது, அதுவும் தொண்டை வலி வந்து ரெண்டு மூணு வாரத்துல, ருமாட்டிக் ஜுரமா இருக்கலாம், ஸ்ட்ரெப் தொண்டை வலிக்கு அப்புறம் மூட்டையும் இதயத்தையும் பிடிக்கற நோய் அது. இன்னிக்கே குழந்தை டாக்டர்கிட்ட கூட்டிட்டுப் போங்க. போறதுக்கு முன்னாடி இபுப்ரோஃபன் மாதிரி வலி மாத்திரை குடுத்துடாதீங்க, இந்த மூட்டு வலி அதுக்கு சட்டுனு அடங்கிடும், டாக்டர் பாக்கறப்ப வீக்கமே இருக்காது.

மூட்டு எப்படியும் சரியாயிடும், எனக்கு பயம் இதயம்தான். ஸ்ட்ரெப் கிருமியோட சில பகுதிகள் பாக்க நம்ம இதயத் திசு மாதிரியே இருக்கும், கிருமிய அடிக்கக் கெளம்புன எதிர்ப்பு சக்தி ஆள் தெரியாம இதய வால்வையும் சேத்து அடிச்சிடும். வால்வுல தழும்பு விழுந்தா அது ஆயுசுக்கும் நிக்கும். அதனால ரத்தப் பரிசோதனை, ஈசிஜியோட எக்கோவும் எடுக்கணுமான்னு நீங்களே வாயத் தொறந்து கேளுங்க. மூச்சு வாங்குனா காத்திருக்காதீங்க, நேரா எமர்ஜென்சிக்குப் போங்க.

இப்ப உங்க கேள்வி. தப்புதான். ஸ்ட்ரெப் தொண்டை வலி மருந்தே குடுக்கலைன்னாலும் சில நாள்ல தானா விட்டுடும், அதனால ஜுரம் விட்டத வெச்சு கிருமி போச்சுன்னு கணக்கு போட முடியாது. அந்த 10 நாள் மருந்து, தொண்டைல ஒளிஞ்சிருக்கற மிச்சக் கிருமியையும் ஒழிக்கத்தான். தொண்டை வலி எல்லாத்துக்கும் ஆன்டிபயாட்டிக் வேண்டியதில்லைங்கறது உண்மை, பாதிக்கு மேல வைரஸ்தான், அந்த வகைல உங்க மாமியார் சொன்னதுல நியாயம் இருக்கு, ஆனா ஸ்ட்ரெப்னு டாக்டர் சொன்னப்புறம் வீட்டுப் பெரியவங்க பேச்சு அங்க செல்லாது, பாட்டியோட பாசம் வேற, மாத்திரைய எண்ணிக் குடுக்கற கடமை பெத்தவங்களோடது. பையனோட அப்பா உங்க லெட்டர்ல ஒரு வரில கூட வரலையே, ஏன்?

மிச்ச மாத்திரைய இப்ப எடுத்து நீங்களா குடுக்காதீங்க, எத்தனை நாள்ல நிறுத்தினீங்கன்னு டாக்டர்கிட்ட மறைக்காம சொல்லுங்க. ருமாட்டிக் ஜுரம்தான்னு உறுதியாச்சுன்னா திரும்ப வராம இருக்க 3, 4 வாரத்துக்கு ஒரு பென்சிலின் ஊசி, வருஷக்கணக்குல போடுவாங்க, ஏன்னா ஒவ்வொரு தடவ திரும்ப வர்றப்பவும் வால்வு இன்னும் கெடும். அந்த ஊசித் தேதிய அவங்க அப்பா போன்லயும் போட்டு வைங்க, முதல் ஊசிக்கு அவரே கூட்டிட்டுப் போகட்டும்.