விற்கும் முன் அச்சடித்துப் பாருங்கள்: வாசகர் கேள்விகள்

வாங்குபவரே அச்சடித்துக்கொள்ளும் கோப்பாக, 2026 என்று ஆண்டு போட்டு நாட்காட்டித் திட்டமேடு செய்திருக்கிறேன். ஆண்டு முழுக்க விற்குமா? (ஈரோடு)

பிப்ரவரியோடு அடங்கிவிடும். ஒருமுறை உழைத்துப் பல ஆண்டு விற்க வேண்டுமென்றால் தேதி போடாத பதிப்பும் வேண்டும். கிழமை மட்டும் அச்சிட்டு, தேதிக் கட்டத்தைக் காலியாக விடுங்கள்.

எட்ஸி இணையச் சந்தையில் 4 டாலருக்கு விற்றால் கையில் எவ்வளவு நிற்கும்? (மதுரை)

பட்டியலிட 20 சென்ட். 4 மாதம் செல்லும். விற்பனைக் கட்டணம் 6.5 சதவீதம், அதாவது சுமார் 26 சென்ட். ஆக மூன்றரை டாலர். அதிலிருந்தும் பணப் பரிமாற்றக் கட்டணமும் வரியும் போகும். ஒவ்வொரு விற்பனைக்குப் பிறகும் பட்டியலைப் புதுப்பிக்க மறுபடி 20 சென்ட் என்பதால், ஒரு டாலர் விலை வைப்பவர் எட்ஸிக்குத்தான் உழைக்கிறார்.

குழந்தைகளுக்கான கணக்குப் பயிற்சித்தாள் விற்கிறேன். அமெரிக்காவில் வாங்கிய ஒருவர் "அளவு தப்பு" என்று ஒற்றை நட்சத்திரம் போட்டுவிட்டார். என் கோப்பில் தவறே இல்லை. (கோவை)

தவறு இருக்கிறது. எந்தத் தாளுக்குச் செய்தீர்கள் என்று கடிதத்தில்கூட எழுதவில்லை. ஏ4 என்றே வைத்துக்கொள்கிறேன். அமெரிக்காவிலும் கனடாவிலும் வீட்டு அச்சுப்பொறியில் இருப்பது லெட்டர் தாள். ஏ4 தாளின் உயரம் 297 மில்லிமீட்டர், லெட்டரின் உயரம் சுமார் 279. உள்ளபடி அச்சிட்டால் மேலும் கீழும் வெட்டுப்படும். தாளுக்குப் பொருந்தச் சுருக்கினால் எல்லாமே 94 சதவீதமாகும். "இந்தக் கோட்டை அளந்து எழுது" என்று நீங்கள் வரைந்த 10 சென்டிமீட்டர் கோட்டைக் குழந்தை அளந்தால் 9.4 வரும். விடைத்தாளில் 10 என்றிருக்கும். வாங்கியவர் ஒரு நட்சத்திரம் போட்டதே தாராளம்.

இதை எத்தனை முறை எழுதினாலும், ஏ4 கோப்பையே சுருக்கி "லெட்டர்" என்று பெயர் மாற்றி ஏற்றுகிறார்கள். அது ஏமாற்று. லெட்டருக்குப் பக்கத்தைத் தனியாக அமையுங்கள்: கோட்டின் நீளத்தைத் தொடாமல் இடைவெளிகளைக் குறைத்து, நான்கு புறமும் 10 மில்லிமீட்டராவது ஓரம் விடுங்கள். அச்சிடும்போது "Actual size" தேர்ந்தெடுக்கும்படி முதல் பக்கத்தில் சொல்லுங்கள். ஏற்றுமுன் கறுப்பு வெள்ளையில் ஒரு பிரதி அச்சடித்து, அளவுகோல் வைத்துப் பாருங்கள். திரையில் அழகாகத் தெரிந்த வெளிர்சாம்பல் கோடு தாளில் காணாமல் போவதும் அப்போதுதான் தெரியும்.

கேன்வா வடிவமைப்புத் தளத்தின் ஆயத்த வடிவத்தை அப்படியே விற்கலாமா? கார்ட்டூன் பாத்திரங்கள் சேர்க்கலாமா? (சேலம்)

இரண்டும் கூடாது. உரிமத்தைப் படித்துவிட்டுக் கேள்வி அனுப்புங்கள்.

தமிழ் எழுத்துப் பயிற்சித்தாள் சிலருக்கு எழுத்து உடைந்து தெரிகிறதாம். (சிங்கப்பூர்)

வேர்டு கோப்பாக அனுப்புகிறீர்கள். வாங்கியவரின் கணினியில் உங்கள் எழுத்துரு இல்லை. எழுத்துரு உள்பொதிந்த பிடிஎஃப் அனுப்பினால் தீரும். நோட்டோ சான்ஸ் தமிழ் போன்ற திறந்த உரிம எழுத்துருவே நல்லது. "சொந்தப் பயன்பாட்டுக்கு மட்டும்" என்றிருப்பதை விற்கும் தாளில் வைக்காதீர்கள். இதையும் வேறொரு கணினியில் திறந்து, அச்சடித்துப் பாருங்கள்.

வாங்கியவர் வாட்ஸ்அப் குழுவில் பகிர்ந்துவிட்டால்? (திருச்சி)

தடுக்க முடியாது. ஒவ்வொரு பக்கத்தின் அடியிலும் கடையின் பெயரைப் போட்டு வையுங்கள். பகிர்கிறவர் விளம்பரமாவது செய்யட்டும்.