விவரணை பொருந்தினால் போதுமா?

"செமினாருக்காக ஒரு பழைய வழக்கை எடுத்தேன். குற்றம் நடந்த விதத்தை வைத்து, குற்றவாளி எப்படிப்பட்டவர் என்று ஊகித்து எழுதிய விவரணையைக் கைதானவரோடு ஒப்பிட்டேன். அப்படியே பொருந்துகிறது! இதை ஆதாரமாகக் காட்டலாமா?"

வேண்டாம். ஆளைப் பார்த்த பிறகு ஒப்பிட்டால் எதுவும் பொருந்தும். உளவியலாளர் லாரன்ஸ் அலிசன் குழு 2003-இல் வெளியிட்ட ஆய்வைப் படியுங்கள். காவல் அதிகாரிகளிடம் ஒரே விவரணையைக் கொடுத்தார்கள். பாதிப் பேருக்கு உண்மைக் குற்றவாளியைப் பற்றிய தகவல். மீதிப் பேருக்குக் கற்பனையாக உருவாக்கிய வேறொருவர். இரு தரப்பும் ஏறக்குறைய ஒரே அளவுக்குத் 'துல்லியம்' என்றன.

காரணம் வாக்கியங்களிலேயே இருக்கிறது. 'பெண்களுடன் பழகத் தயங்குபவர்' என்பதை எப்படிப் பொய்யாக்குவீர்கள்? மணமானவர் என்றால் 'உள்ளுக்குள் தயக்கம்' என்று சமாளித்துவிடலாம். 'வயது 20-25, முன்பே திருட்டு வழக்கு உண்டு' என்பது வேறு. அது தவறினால் தவறியதுதான்.

சரி, உங்கள் விவரணையை வரிவரியாகப் பிரியுங்கள். சோதிக்க முடியாத வரிகளை அடித்துவிடுங்கள். அப்புறம், மிஞ்சியவை அதே ஊரில் இன்னும் எத்தனை பேருக்குப் பொருந்தும் என்று பாருங்கள். பொருந்தாத வரிகளையும் மறக்காமல் எண்ணுங்கள். நாம் எல்லோருமே தவறவிடுவது அவற்றைத்தான். இவ்வளவு செய்தாலும் கையில் இருப்பது ஒரே ஒரு வழக்கு. இப்படி விவரணை எழுதும் முறை வேலை செய்கிறதா என்று அறிய, கைதுக்கு முன்பே எழுதிய பல விவரணைகள் வேண்டும், தோற்றவையும் சேர்த்து.