84ஆம் பிரிவு: பாலன் கத்தியைக் கழுவியது எதற்காக?

கேள்வி: வணக்கம் ஐயா. நான் சட்டம் படிக்கும் இரண்டாம் ஆண்டு மாணவி. பயிற்சி வகுப்பில் வந்த கேள்வி இது. பாலன், 34 வயது, ஈசூனில் வீவக வீட்டில் தனியாக இருப்பவர். மனச்சிதைவு நோய்க்கான மாத்திரையை இரண்டு மாதமாக நிறுத்திவிட்டார். மேல்மாடி வீட்டுக்காரர் குழாய் வழியாக விஷப்புகை அனுப்பித் தன்னைக் கொல்லப் பார்ப்பதாக நம்புகிறார். நகர மன்றத்துக்கு இரண்டு முறை எழுதியும் பார்த்துவிட்டார். ஒரு நாள் இரவு சமையல் கத்தியோடு மின்தூக்கியில் ஏறுகிறார். கேமராவில் முகம் விழாதபடி தொப்பியை இறக்கிக்கொள்கிறார். அந்த மனிதர் வேலை முடிந்து வரும்வரை படிக்கட்டருகே 20 நிமிடம் காத்திருந்து வயிற்றில் குத்துகிறார். அவர் இறந்துபோகிறார். பாலன் வீடு திரும்பிக் கத்தியைக் கழுவுகிறார். போலீசிடம், "கொன்றால் தூக்குன்னு தெரியும். ஆனா சாமி சொல்லிடுச்சு, அவன் இருந்தா நான் இருக்க மாட்டேன்னு" என்கிறார். நோய் இருப்பதில் சந்தேகமே இல்லை என்றால், சித்த சுவாதீனமின்மையைத் தற்காப்பாக ஏற்கும் சிங்கப்பூர் தண்டனைச் சட்டத்தின் 84ஆம் பிரிவு அவரைக் காப்பாற்றத்தானே வேண்டும்?

பதில்: இந்த விவரங்களை வைத்துப் பார்த்தால் காப்பாற்றாது. நோய் இருப்பது முதல் படிதான். உங்கள் கேள்வியின் கடைசி வரியில் இருக்கும் "காப்பாற்றத்தானே வேண்டும்" என்பதில்தான் பல மாணவர்கள் மதிப்பெண்ணை இழக்கிறார்கள். சட்டம் சொல்லும் சித்த சுவாதீனமின்மை வேறு, மருத்துவர் எழுதும் நோயின் பெயர் வேறு. மனச்சிதைவு உள்ளவர் பேருந்து ஏறுகிறார், கடையில் மீதிக் காசை எண்ணி வாங்குகிறார், வாடகை கட்டுகிறார். அந்த நோய் அந்த இரவில், அந்தச் செயலைச் செய்த நேரத்தில், அவரிடமிருந்து எதைப் பறித்தது என்பதைத்தான் 84ஆம் பிரிவு கேட்கிறது.

பிரிவின் இன்றைய வாசகம் 2020 ஜனவரி 1 முதல் நடப்பில் உள்ளது. அதற்கு முந்தைய குறிப்புகளையோ இந்தியப் பாடநூல்களையோ வைத்துப் படிக்கிறீர்கள் என்றால் கவனமாக இருங்கள். நம்முடைய தண்டனைச் சட்டமும் இந்தியாவின் பழைய தண்டனைச் சட்டமும் ஒரே வேரிலிருந்து வந்தவை. பிரிவு எண்கூட ஒன்றுதான். அதனால் தமிழில் கிடைக்கும் இந்திய விளக்கங்களை அப்படியே எடுத்து எழுதிவிடத் தோன்றும். ஆனால் வாசகம் இப்போது வேறாகிவிட்டது. இங்கே மூன்று வாசல்கள் இருக்கின்றன: செயலின் தன்மையை அறிய இயலாமை, செய்வது தவறு என்று அறிய இயலாமை, தன் செயலைக் கட்டுப்படுத்தும் ஆற்றலை முழுவதுமாக இழந்திருத்தல். மூன்றாவது வாசல் இந்திய வாசகத்தில் கிடையாது. ஏதாவது ஒன்றில் நுழைந்தால் போதும், ஆனால் மூன்றிலும் சித்த சுவாதீனமின்மைதான் காரணமாக இருக்க வேண்டும்.

முதல் வாசலைச் சீக்கிரம் மூடிவிடலாம். தான் ஒரு மனிதரைக் கத்தியால் குத்துகிறோம், குத்தினால் சாவார் என்பது பாலனுக்குத் தெரிந்திருக்கிறது. அவர் எண்ணமே அதுதான். பாம்பை வெட்டுவதாக நினைத்து ஆளை வெட்டியிருந்தால் கதை வேறு. குத்தியதற்கான காரணம் பொய்யான நம்பிக்கை என்பதால் செயலின் தன்மை தெரியாமல் போய்விடாது.

மூன்றாவதும் அப்படித்தான். "முழுவதுமாக" என்ற சொல்லை அடிக்கோடிடுங்கள். ஆள் வரும்வரை 20 நிமிடம் நிற்க முடிந்தவர், கேமராவைப் பார்த்துத் தொப்பியை இறக்கியவர், தன் கைகால்மேல் எந்தப் பிடியும் இல்லாதவர் என்று நீதிபதியை நம்பவைப்பது மிகக் கடினம். உந்துதல் பலமாக இருந்தது, எதிர்த்து நிற்பது கஷ்டமாக இருந்தது என்பதெல்லாம் இந்த வாசலுக்குப் போதாது. அந்த வாதத்துக்கு வேறோர் இடம் இருக்கிறது, பிறகு வருகிறேன்.

நேரத்தைச் செலவிட வேண்டியது இரண்டாவது வாசலில். "தவறு" என்பதற்குச் சட்டம் இரண்டு முகம் காட்டுகிறது: நியாயமான, நேர்மையான மனிதர்களின் சாதாரண அளவுகோல்படி தவறு, சட்டத்துக்குப் புறம்பு என்ற வகையில் தவறு. இந்த இரண்டில் ஒன்று தெரியாவிட்டால் போதுமா, இரண்டுமே தெரியாதிருக்க வேண்டுமா? பிரிவோடு தரப்பட்ட எடுத்துக்காட்டு இதைத் தீர்த்துவைக்கிறது. கொல்லும்படி தெய்வக் கட்டளை வந்ததாகவும் கொல்வது தர்மம் என்றும் ஒருவர் பிறழ்ந்த மனத்தால் நம்புகிறார்; ஆனால் கொலை சட்டவிரோதம் என்பது அவருக்குத் தெரியும். அவருக்கு இந்தத் தற்காப்பு கிடையாது. ஆக, இரண்டையும் அறிய இயலாதவராக இருந்தால்தான் வாசல் திறக்கும். ஒன்று தெரிந்தாலும் மூடிக்கொள்ளும்.

இப்போது பாலனின் வாக்குமூலத்தைத் திரும்பப் படியுங்கள். "கொன்றால் தூக்குன்னு தெரியும்." இந்த ஒரு வாக்கியம் அவருடைய வழக்கறிஞரின் கையைக் கட்டிப்போடுகிறது. "சாமி சொல்லிடுச்சு" என்பதை அது முந்திவிடுகிறது.

ஆனால் மற்ற சான்றுகளை அவசரப்பட்டு அவருக்கு எதிராக எழுதிவிடாதீர்கள். கத்தியைக் கழுவியதை எடுத்துக்கொள்ளுங்கள். தடயத்தை அழிக்கக் கழுவினார் என்றால், பிடிபட்டால் தண்டனை என்று தெரிந்திருக்கிறது. இறந்தவரின் ரத்தத்தில் விஷம் இருக்கிறது, அது வீட்டுக்குள் பரவக்கூடாது என்று கழுவியிருந்தால்? அப்போது அதே குழாயடி, அதே தண்ணீர், அவருடைய பிறழ்ந்த நம்பிக்கைக்கே சான்றாகிவிடும். தொப்பியும் அப்படித்தான். போலீசுக்குப் பயந்தாரா, கேமரா வழியாகத் தன்னை வேவு பார்ப்பதாக அவர் நம்பிய எதிரிகளுக்குப் பயந்தாரா? மனநல மருத்துவர் பாலனிடம் இதைக் கேட்டிருக்கிறாரா என்று அறிக்கையில் தேட வேண்டும். கேட்காமலேயே "முகத்தை மறைத்தார், ஆகவே தவறென அறிந்திருந்தார்" என்று எழுதியிருந்தால், குறுக்கு விசாரணையில் கை வைக்க வேண்டிய இடம் அதுதான். நகர மன்றத்துக்கு எழுதிய கடிதங்களும் இரு பக்கமும் வெட்டும். பிறழ்ந்த நம்பிக்கை நீண்ட நாளாக, உண்மையாக இருந்தது என்று அவை காட்டும். அதே சமயம், முறையான வழி ஒன்று இருக்கிறது என்று அவருக்குத் தெரிந்திருந்ததையும் காட்டும்.

நிரூபிக்கும் பொறுப்பு பாலனுடையது. சான்றுச் சட்டம் 107ஆம் பிரிவு அப்படிச் சொல்கிறது. அதன் முதல் எடுத்துக்காட்டே இதே தற்காப்பைப் பற்றியதுதான். சந்தேகத்துக்கு இடமின்றி நிரூபிக்க வேண்டியதில்லை. "இல்லை என்பதைவிட ஆம் என்பதற்கே வாய்ப்பு அதிகம்" என்ற அளவு போதும். மருத்துவர் நிபுணர் சாட்சி, முடிவெடுப்பவர் நீதிபதி.

இன்னொரு குழப்பத்தையும் இங்கேயே தீர்த்துவிடுகிறேன். கைதானவரை மனநலக் கழகத்தில் வைத்துக் கவனிக்கும்போது, வழக்கை எதிர்கொள்ளத் தகுதியானவரா என்ற கேள்வியும் எழும். குற்றவியல் நடைமுறைச் சட்டம் 247ஆம் பிரிவு அதற்கானது. அது விசாரணை நேரத்து மனநிலையைப் பற்றியது. 84ஆம் பிரிவு சம்பவ நேரத்து மனநிலையைப் பற்றியது. மருந்து கொடுத்துத் தெளிந்தபின் பாலன் நீதிமன்றத்தில் நன்றாகப் பேசுகிறார் என்பது அந்த இரவைப் பற்றி எதையும் நிரூபிக்காது.

84 தோற்றால் பதில் முடிந்துவிடாது. குற்றச்சாட்டு கொலை. தண்டனைச் சட்டம் 300ஆம் பிரிவின் 7ஆவது விதிவிலக்கான பொறுப்புக் குறைவுக்குப் போங்கள். பாலனின் வலுவான இடம் இதுதான். மூன்றைக் காட்ட வேண்டும்: மனத்தில் இயல்புக்கு மாறான நிலை இருந்தது; அது நோய் போன்று அந்த விதி பட்டியலிட்டிருக்கும் காரணங்களில் ஒன்றிலிருந்து வந்தது; செயலின் தன்மையையோ தவறையோ அறியும் திறனை, அல்லது தன்னைக் கட்டுப்படுத்தும் ஆற்றலை, அது கணிசமாகப் பாதித்தது. முழுவதுமாக இழந்திருக்க வேண்டியதில்லை, "கணிசமாக" போதும். முன்பு ஒதுக்கிவைத்த "எதிர்த்து நிற்பது கஷ்டமாக இருந்தது" என்ற வாதம் இங்கே உயிர்பெறுகிறது. மாத்திரை நிறுத்திய தேதி, கடிதங்கள், சாமியின் குரல் எல்லாம் இந்த மூன்றாவது கூறுக்குள் போகும். இதையும் பாலன்தான் நிரூபிக்க வேண்டும். வென்றால் கொலை என்பது கொலையாகாத மரணம் விளைவித்தலாகக் குறையும். 304(a) பிரிவின்கீழ் ஆயுள் தண்டனை, அல்லது 20 ஆண்டு வரை சிறை, பிரம்படியும் உண்டு. ஆனால் தூக்கு இல்லை.

கேள்வித்தாளில் விவரத்தை மாற்றிக் கொடுத்தால் எப்படி அசையும் என்று இரண்டைப் பார்ப்போம். "போலீஸ் எனக்கு அனுமதி தந்துவிட்டது, இது சட்டப்படி என் கடமை" என்று பாலன் பிறழ்ந்து நம்பி, குத்தியதும் தானே 999ஐ அழைத்து "வேலை முடிந்தது" என்று சொல்லியிருந்தால், சட்டத்துக்குப் புறம்பு என்ற அறிவே அற்றுப்போயிருக்கிறது. அதோடு, எல்லாரும் தன்னைப் பாராட்டுவார்கள் என்றும் நம்பியிருந்தால் இரண்டு முகமும் மறைந்துவிட்டன. 84 வலுவாக நிற்கும். மாறாக, காயம்பட்டவர் பிழைத்து, கொடுங்காயம் விளைவித்த குற்றச்சாட்டு மட்டும் வந்திருந்தால் 7ஆவது விதிவிலக்கு கிடையாது. அது கொலைக்கு மட்டுமே உரியது. அப்போது 84உம் தோற்றுவிட்டால், நோய் தண்டனையைக் குறைக்கும் வாதமாக மட்டுமே பேசப்படும்.

கடைசியாக, 84இல் வெல்வது என்றால் என்ன என்று பதிலில் கட்டாயம் எழுதுங்கள். பெரும்பாலான விடைத்தாள்களில் இது இருக்காது. விடுதலை ஆனதும் வீட்டுக்குப் போவதில்லை. அந்தச் செயலை அவர் செய்தாரா இல்லையா என்று குற்றவியல் நடைமுறைச் சட்டம் 251ஆம் பிரிவின்படி நீதிமன்றம் தனியாகக் குறிப்பிட வேண்டும். செய்தார் என்றால், அதே சட்டத்தின் 252ஆம் பிரிவின்கீழ் பாதுகாப்பில் வைக்க உத்தரவாகும். அமைச்சர் ஆணையின்படி மனநல நிலையத்திலோ சிறையிலோ அதிபரின் விருப்பம் உள்ளவரை வைக்கலாம். இத்தனை ஆண்டு என்ற கணக்கு அதில் இல்லை. அதனால்தான் சிறிய கைகலப்பு வழக்கில் 84ஐ எழுப்புவதற்கு முன் வழக்கறிஞர் கட்சிக்காரரிடமும் குடும்பத்தாரிடமும் உட்கார்ந்து பேச வேண்டியிருக்கிறது. சாதாரணக் காயம் விளைவித்த, தண்டனைச் சட்டம் 323ஆம் பிரிவுக் குற்றத்துக்கு உச்ச தண்டனை 3 ஆண்டு. குற்றத்தை ஒப்புக்கொண்டு, 36 மாதம் வரை நீளக்கூடிய கட்டாய சிகிச்சை உத்தரவைக் கேட்டால், முடிவுத் தேதி ஒன்று இருக்கும், மருத்துவமும் தொடரும்.