வாங்கிய மீட்டருக்கும் வெட்டிய சட்டைக்கும் நடுவில் துணி எங்கே போகிறது?

கேள்வி: புதுச்சேரியில் சின்ன சட்டை யூனிட் வைத்திருக்கிறேன். வாங்கிய மீட்டரும் வெட்டிய சட்டையும் ஒத்தே வருவதில்லை. ஷேடு புகாரும் வருகிறது. ரோல் கணக்கை எப்படி வைப்பது?

சேதராப்பட்டுப் பக்கம் ஒரு சட்டை யூனிட்டில் கட்டிங் கணக்கு பார்ப்பது என் வேலை. நீங்கள் சொல்லும் இரண்டு பிரச்சினைக்கும் பெரும்பாலும் காரணம் ஒன்றுதான். ஸ்டோரில் ரோல் நம்பர் இருக்கும், கட்டிங் டேபிளுக்கு வந்ததும் அது காணாமல் போய்விடும். அதற்குப் பிறகு "இந்த லாட்டில் இத்தனை மீட்டர்" என்று மொத்தமாகத்தான் பேச முடியும். மொத்தக் கணக்கில் குறை தெரியும், எந்த இடத்தில் குறைந்தது என்று தெரியாது.

எனவே ஒவ்வொரு ரோலுக்கும் ஒரு வரி எழுதுங்கள். லேபிள் மீட்டர், லே நீளம், அந்த ரோலில் விழுந்த லேயர், மிஞ்சிய பிட், ஓட்டை, கறை என்று வெட்டி எடுத்த டேமேஜ். இவ்வளவு போதும். எக்செல்லில் A-இல் ரோல் நம்பர், B முதல் F வரை இந்த ஐந்தும் இதே வரிசையில், அடுத்து ஒரு ஃபார்முலா:

```
=B2-(C2*D2+E2+F2)
```

எங்கள் ஷீட்டில் நான் பார்க்கும் மாதிரி ஒரு வரியை வைத்துச் சொல்கிறேன். 58 இஞ்ச் அகல காட்டன், மார்க்கர் 6.40 மீட்டர், அதில் 4 சட்டை. இரண்டு முனையிலும் 2 சென்டிமீட்டர் விட்டால் லே நீளம் 6.44. ரோல் லேபிளில் 100 மீட்டர். 15 லேயர் விழுந்தது, அதாவது 96.60 மீட்டர். 16-ஆவது லேயருக்குத் துணி போதாது. டேமேஜ் இல்லை. அப்படியானால் 3.40 மீட்டர் பிட் மிஞ்ச வேண்டும். அளந்தால் 2.55 தான் இருக்கிறது. ஃபார்முலா காட்டுவது 0.85.

முக்கால் மீட்டருக்குக் கொஞ்சம் மேலே, போகட்டும் என்று விடத் தோன்றும். ஆனால் 3.40 இருந்திருந்தால் அதில் 2 சட்டைக்கான சின்ன மார்க்கரைப் போட்டிருக்கலாம். 2.55-இல் ஒரு சட்டைதான் வரும். அந்த ரோலில் ஒரு முழுச் சட்டை போனது இந்த 0.85-ஆல்தான்.

எங்கே போனது என்று கண்டுபிடிக்க முதலில் 0.85-ஐ 15 லேயரால் வகுத்துப் பாருங்கள். லேயருக்கு ஏறக்குறைய 6 சென்டிமீட்டர் வரும். லேவின் முனைக்குப் போய் ஸ்கேலை வைத்து அளந்தால் தெரிந்துவிடும். விரிப்பவர் 4 சென்டிமீட்டருக்குப் பதிலாக 10 விட்டிருந்தால் கணக்கு அங்கேயே முடிந்தது. முனை சரியாக இருந்தால் சந்தேகம் லேபிள் மேல் போகும். அப்போது ஒரு ரோலை வைத்து முடிவு செய்யாதீர்கள். அதே சப்ளையரின் மற்ற ரோல்களிலும் ஏறத்தாழ அதே விகிதத்தில் குறைகிறதா, மற்ற சப்ளையர் துணியில் குறையவில்லையா என்று பாருங்கள். ஆமாம் என்றால் அடுத்த லோடு இறங்கியதும் வெட்டுவதற்கு முன்பே சில ரோல்களை டேபிளில் இழுக்காமல் பரப்பி அளந்து எழுதிவிடுங்கள். வெட்டிய பிறகு கேட்டால் யாரும் ஒத்துக்கொள்ள மாட்டார்கள். வித்தியாசம் 6 மீட்டரை ஒட்டி வந்தால் அது வேறு கதை, லேயரை எண்ணியதில் ஒன்று தவறியிருக்கிறது.

கட்டிங் வேஸ்ட்டை இந்த வரியில் தனியாகக் கழிக்காதீர்கள். பீஸ்களுக்கு நடுவில் விழும் துண்டு மார்க்கர் நீளத்துக்குள்ளேயே இருக்கிறது, மறுபடி கழித்தால் இரட்டைக் கணக்கு. அதைச் சரிபார்க்க எடைதான் நல்ல வழி. மேலே சொன்ன துணி 120 ஜிஎஸ்எம் என்றால் ஒரு மீட்டர் சுமார் 177 கிராம். மார்க்கரில் கரையையும் சேர்த்து 14 சதவீதம் வேஸ்ட் என்று வைத்தால், 15 லேயர் மார்க்கரின் 96 மீட்டரில் 13.44 மீட்டர், அதாவது சுமார் 2.4 கிலோ. லேயில் இருக்கும் எல்லா ரோலுக்கும் இதைச் சேர்த்து, வேஸ்ட் மூட்டையை எடை போடுங்கள். மூட்டை ரொம்பக் கனமாக இருந்தால் உள்ளே நல்ல பிட்டோ வெட்டிய பேனலோ போயிருக்கிறது, கொட்டிப் பார்க்க வேண்டியதுதான். ஐப்பசி, கார்த்திகை மழையில் காட்டன் ஈரம் இழுத்துக் கொஞ்சம் எடை கூடக் காட்டும், அதற்கு இடம் விட்டே பாருங்கள்.

இனி ஷேடு. ஒரே டையிங் லாட் என்பதால் ஒரே ஷேடு என்று நம்ப வேண்டாம், லாட்டுக்குள்ளேயே ரோலுக்கு ரோல் மாறும். துணி இறங்கியதும் ஒவ்வொரு ரோலிலும் ஒரு துண்டு வெட்டி, ரோல் நம்பர் எழுதி, எல்லாவற்றையும் பக்கத்தில் பக்கத்தில் வைத்துத் தைத்து, ஒரு முறை துவைத்துக் காயவிட்டுப் பாருங்கள். லைட் பாக்ஸ் இருந்தால் டி65 விளக்கில், இல்லாவிட்டால் பகல் வெளிச்சத்தில், வெயில் நேராக விழாத இடத்தில். டியூப் லைட்டை நம்ப வேண்டாம். அதில் ஒன்றாகத் தெரிந்த இரண்டு துண்டு வாசலுக்குக் கொண்டுபோனால் தனித்தனியாகத் தெரியும். இப்படி ஏ, பி, சி என்று பிரித்து ரோல் மேலேயே எழுதிவிடுங்கள். ஒரே லேயில் இரண்டு குரூப் போட்டுத்தான் ஆக வேண்டும் என்றால் நடுவில் ஒரு பேப்பர் விரியுங்கள்.

அதைவிட முக்கியம் லேயர் எண். 1 முதல் 15 வரை இந்த ரோல், 16 முதல் அடுத்த ரோல் என்று லே ஷீட்டில் எழுதி, ஒவ்வொரு பேனலிலும் லேயர் நம்பர் ஸ்டிக்கர் ஒட்ட வேண்டும். ஒரு சட்டையின் எல்லா பேனலும் ஒரே நம்பரில் சேர வேண்டும், காலரும் கஃப்பும்கூட. ரோல் முடியும் இடத்தில் ஓவர்லேப் வைத்து அடுத்த ரோலைத் தொடரும் பழக்கமும் உண்டு. துணி மிச்சமாகும், மறுக்கவில்லை. ஆனால் ஒரே லேயருக்குள் இரண்டு ரோல் வந்துவிடும், ஒரே நம்பர் ஒட்டிய சட்டைக்கே இரண்டு ஷேடு வரலாம். அதனால் நாங்கள் செய்வதில்லை.

ஷேடு புகார் பெரும்பாலும் லேயில் பிறப்பதில்லை, ரீகட்டில்தான் பிறக்கிறது. லைனில் ஒரு ஸ்லீவில் எண்ணெய்க் கறை படுகிறது. சூப்பர்வைசர் அக்கா அவசரத்துக்குக் கையில் கிடைத்த பிட்டில் வெட்டச் சொல்கிறார். சட்டை 9-ஆவது லேயர், பிட் வேறு ரோல். செக்கிங்கில் தப்பித்துக் கடைக்குப் போனதும் ஒரு கை மட்டும் மங்கலாகத் தெரிகிறது.

அதனால்தான் அந்த 2.55 மீட்டர் பிட்டில் உடனே ரோல் நம்பர், ஷேடு குரூப், நீளம் மூன்றையும் டேக் எழுதிக் கட்டச் சொல்கிறேன். சட்டையின் ஸ்டிக்கர் 9 என்றால் லே ஷீட்டில் ரோல் கிடைக்கும், அந்த ரோலின் பிட் ரேக்கில் இருக்கும், ரீகட் அதில்தான். எடுத்ததும் டேக்கில் நீளத்தைக் குறைத்து எழுத வேண்டும். தறி ஓட்டத்தின் திசை மாறாமல் பேனலை வைப்பதும் மாஸ்டரின் பொறுப்பு.

ரேக்கைப் பெரிதாகப் பிரிக்க வேண்டாம். ஒரு சட்டையாவது வருவது ஒரு தட்டு, காலர், கஃப், பாக்கெட்டுக்கு ஆவது ஒரு தட்டு. அதற்கும் சின்னது வேஸ்ட் மூட்டைக்குப் போகலாம், ஆனால் எடையை முதலில் குறித்துவிடுங்கள், இல்லாவிட்டால் மூட்டைக் கணக்கு குழம்பும். தரையில் குவிக்காதீர்கள், நம் ஊர் ஈரத்துக்குப் பூஞ்சைப் புள்ளி விழும். ஆர்டர் கப்பல் ஏறும் வரை எந்தப் பிட்டையும் விற்கக் கூடாது. அப்புறம் ஒரே குரூப்பில் இருக்கும் பெரிய பிட்களைச் சேர்த்துச் சின்ன மார்க்கரில் வெட்டிவிட்டு, மீதியை எடைக்குப் போடுங்கள்.