முதல் மதிப்பெண்ணை மறைத்துவிட்டுத் திருத்துவது

அன்புள்ள ஐயா,
நான் கலைக் கல்லூரி ஒன்றில் பொருளியல் கற்பிக்கிறேன். மறுமதிப்பீட்டுக்காக ஒரு விடைத்தாளை என்னிடம் தந்திருக்கிறார்கள். முகப்பில் 38 என்று இருக்கிறது. தேர்ச்சிக்கு 40 வேண்டும். எப்படித் திருத்தினாலும் என் கை 38-ஐ ஒட்டியே போகிறது. என்ன செய்வது?
க., திருச்சி

அன்புள்ள க.,

பார்த்துவிட்ட 38-ஐ மறக்க முடியாது. ஆகவே அந்த எண் உங்கள் கையைத் தொடாதபடி வேலையின் வரிசையை மாற்றிக்கொள்ளுங்கள். முகப்பை மறைப்பது மட்டும் போதாது. உள்ளே ஓரங்களில் சிவப்பு மையில் இருக்கும் எண்கள்தான் அதிகம் இழுக்கும். தேர்வு அலுவலகத்தில் ஓரம் மறைத்து எடுத்த நகல் கேளுங்கள். கிடைக்காவிட்டால் ஓர் அட்டைத் துண்டால் ஓரத்தை மூடிக்கொண்டு படியுங்கள். விடைத்தாளைத் திறப்பதற்கு முன்பே மதிப்பீட்டுத் திட்டத்தை முழுதாகப் படித்துவிடுங்கள். ஒவ்வொரு உட்பிரிவுக்கும் மதிப்பெண்ணையும் ஒரு வரிக் காரணத்தையும் தனித்தாளில் எழுதுங்கள். கடைசிக் கேள்வி முடியும்வரை கூட்டாதீர்கள். இடையில் கூட்டிப் பார்த்தால் 40 எவ்வளவு தொலைவில் இருக்கிறது என்று மனம் கணக்குப் போடத் தொடங்கிவிடும், பிறகு இரக்கமும் கண்டிப்பும் ஒருசேர வந்து நிற்கும்.

நான் பார்த்த ஒரு தாளைச் சொல்கிறேன். தேவை நெகிழ்ச்சி பற்றிய பத்து மதிப்பெண் கேள்வி: வரையறைக்கு 2, சூத்திரத்துக்கு 1, அளவு மாற்றத்துக்கு 1, விலை மாற்றத்துக்கு 1, விடைக்கு 1, வரைபடத்துக்கு 2, நிர்ணயிக்கும் காரணிகள் நான்குக்கு அரை அரையாக 2. விலை 20-லிருந்து 25 ஆகும்போது தேவை 100-லிருந்து 80 ஆகிறது, விடை 0.8. மாணவி விலை மாற்றத்தைப் பழைய விலையால் வகுக்காமல் புதிய விலையால் வகுத்து 20 விழுக்காடு என்று எழுதி, 1 என்று முடித்திருந்தார். நான் வரையறைக்கு 2, சூத்திரத்துக்கு 1, அளவு மாற்றத்துக்கு 1, விலை மாற்றத்துக்கும் விடைக்கும் சுழியம், வரைபடத்துக்கு 2, இரண்டே காரணிகள் எழுதியதற்கு 1 என்று போட்டேன், மொத்தம் 7. அட்டையை எடுத்தபோது முதல் மதிப்பீட்டாளர் 4 போட்டிருந்தார்.

வித்தியாசத்துக்குக் காரணம் தேடுவது இந்தக் கட்டத்தில்தான். வரைபடம் பக்கத்தின் மறுபுறம் இருந்தது, அதன்மேல் சிவப்புக் கோடே இல்லை, அவர் பார்க்கவில்லை. அதில் 2 போயிற்று. இறுதி விடை தவறு என்பதைக் கண்டு கணக்குப் பகுதிக்கு 2-க்குப் பதில் 1 போட்டிருந்தார். மீதி 1 அங்கே. இரண்டையும் திட்டத்தின் வரியைச் சுட்டிச் சொல்ல முடிந்ததால் என் 7 நின்றது.

இப்படிச் சுட்ட முடியாத வித்தியாசமும் வரும். கட்டுரை விடைகளில் நீங்கள் 6, அவர் 5 என்றால் அது பெரும்பாலும் இருவர் கையின் வேறுபாடு. அந்த இடத்தில் அவருடைய எண்ணை மாற்ற நான் தயங்குவேன். மாறாக, இன்னொரு கேள்வியில் அவர் தாராளமாகப் போட்டிருந்தால் அதையும் மறைக்காமல் அறிக்கையில் எழுதுவேன். குறைந்த மதிப்பெண்ணை ஏற்பதா, பழையதையே வைப்பதா என்பது உங்கள் கல்லூரி விதி. அதைத் திருத்துபவர் முடிவு செய்ய வேண்டாம்.

புதிய விலையால் வகுத்த தவறைத் தொடர்ந்து, அதே முறையில் வந்த விடைக்கு மதிப்பெண் உண்டா என்பதைத் திட்டம் சொல்லவில்லை. நான் தலைமை மதிப்பீட்டாளரிடம் கேட்டேன். மற்ற தாள்களில் கொடுக்கவில்லை என்றார். ஆகவே இந்த மாணவிக்கும் கொடுக்கவில்லை.