ஜூனியர் வழக்கறிஞர் ரெஸ்யூமில் இன்டர்ன்ஷிப், மூட் கோர்ட், டிராஃப்டிங் அனுபவத்தை எப்படிக் காட்டுவது?

கேள்வி: ஐந்தாண்டு சட்டப் படிப்பு முடித்து, இப்போதுதான் பார் கவுன்சிலில் பதிவு செய்திருக்கிறேன். சென்னையில் ஒரு சீனியரிடம் ஜூனியராகச் சேர வேண்டும். ஐந்து இன்டர்ன்ஷிப், மூன்று மூட் கோர்ட், கொஞ்சம் டிராஃப்டிங், கொஞ்சம் கோர்ட் அனுபவம். எல்லாவற்றையும் எழுதினால் மூன்று பக்கம் வருகிறது. எதை வைப்பது, எதை விடுவது?

பதில்:

ஒன்றரைப் பக்கத்துக்குள் அடங்கும். ஆனால் நீளத்தைவிட வினைச்சொற்கள்தான் முக்கியம். பார்த்தேன், உடனிருந்து உதவினேன், வரைந்தேன், ஆஜரானேன் என்ற நான்கும் நான்கு வெவ்வேறு வேலைகள். இளையவர்களின் ரெஸ்யூம்கள் பெரும்பாலும் இவற்றைக் கலப்பதால்தான் கெடுகின்றன.

நானும் கலந்தவன்தான். நான் கொண்டுபோன முதல் ரெஸ்யூமில் "உயர் நீதிமன்றத்தில் ஆஜரான அனுபவம்" என்று ஒரு வரி இருந்தது. அதைப் படித்த சீனியர், "என்ரோல்மென்ட் தேதி என்ன தம்பி?" என்று கேட்டார். போன வாரம்தான் என்றேன். "அப்படியானால் யாருடைய வக்காலத்தில் ஆஜரானீர்கள்?" என்றார். நான் ஒரு மாதம் கோர்ட் ஹாலின் பின்வரிசையில் உட்கார்ந்து வேடிக்கை பார்த்திருந்தேன், அவ்வளவுதான். மாணவராக இருந்த காலத்தைப் பற்றி எழுதும்போது "ஆஜர்" என்ற சொல்லே வரக்கூடாது. பதிவு எண்ணையும் தேதியையும் முதல் பக்கத்தின் மேலேயே எழுதிவிடுங்கள். அகில இந்திய பார் தேர்வை எழுதியாயிற்றா, முடிவு வந்ததா என்பதையும் அதன் அருகில் ஒரு வரியில் சொல்லுங்கள்.

இன்டர்ன்ஷிப் செய்ததே ஒரு தகுதி ஆகாது. ஐந்தாண்டுப் படிப்புக்கு 20 வாரம், மூன்றாண்டுப் படிப்புக்கு 12 வாரம் என்று பார் கவுன்சில் விதியே கட்டாயப்படுத்துகிறது. அதனால் ஐந்துக்கும் சம இடம் தர வேண்டாம். நீங்கள் கையால் வேலை செய்த இரண்டை மட்டும் விரித்து எழுதுங்கள், மற்ற மூன்றுக்கும் இடமும் மாதமும் போதும். "சட்ட ஆய்வு செய்தேன்" என்ற வரி எனக்கு எதையும் சொல்வதில்லை. எந்தக் கேள்விக்குத் தீர்ப்பு தேடினீர்கள் என்று எழுதினால் சொல்லும்.

நான் முதலில் படிப்பது டிராஃப்டிங் பகுதியைத்தான். அண்மையில் வந்த ஒரு ரெஸ்யூமில் "நோட்டீஸ், வழக்குரை, எதிருரை, ரிட் மனு, ஜாமீன் மனு ஆகியவற்றை வரைவதில் தேர்ச்சி" என்று இருந்தது. ஒரு மாத இன்டர்ன்ஷிப்பில் இத்தனையும் நடந்திருக்காது. நேரில் பேசியபோது அந்தப் பெண் உண்மையில் செய்த வேலை வெளியே வந்தது: செக் பவுன்ஸ் நோட்டீஸ் ஆறு, அதே வகையில் புகார் மனு இரண்டு. எல்லாம் சீனியர் திருத்தியவை. "இதை ஏனம்மா எழுதவில்லை?" என்று கேட்டேன். "சின்ன வேலைதானே சார்" என்றார்.

சின்ன வேலை இல்லை. செக் திரும்பிய தகவல் வங்கியிலிருந்து கிடைத்த 30 நாட்களுக்குள் நோட்டீஸ் போக வேண்டும். அது எதிர்த்தரப்பின் கைக்குச் சேர்ந்த பிறகு பணம் கட்ட 15 நாள். அதற்கும் கட்டாவிட்டால் ஒரு மாதத்துக்குள் புகார். ஜூன் 20 அன்று நோட்டீஸைப் பெற்றார் என்றால் ஜூலை 5 வரை அவருக்கு அவகாசம். புகாரை ஆகஸ்ட் 6க்குள் தாக்கல் செய்ய வேண்டும். ஜூலை 3 அன்றே அவசரப்பட்டுத் தாக்கல் செய்தாலும் தவறு, ஆகஸ்ட் 10 அன்று செய்தால் தாமதத்தை மன்னிக்கக் கோரித் தனி மனு வேண்டும். இந்தக் கணக்கைத் தபால் ஒப்புகை அட்டையைப் பார்த்துப் போடத் தெரிந்தவர் என் அலுவலகத்தில் முதல் நாளிலிருந்தே பயன்படுவார். ஆகவே அவருடைய வரியை இப்படி மாற்றச் சொன்னேன்:

"மாற்றுமுறை ஆவணச் சட்டம் பிரிவு 138: ஆறு நோட்டீஸ், இரண்டு புகார் மனுக்களின் முதல் வரைவு (சீனியர் திருத்தியவை). தேதி அட்டவணை தயாரித்து, வங்கி மெமோ, தபால் ஒப்புகை அட்டையுடன் ஆவணப் பட்டியல் சேர்த்தேன். ஒரு மனு குறைபாட்டுக்காகத் திரும்பியது. சரிசெய்து மறுதாக்கலுக்கு உதவினேன்."

கடைசி வாக்கியத்தைச் சேர்க்க அவர் தயங்கினார். எனக்கு அதுதான் பிடித்தது. ரிட்டர்ன் ஆன கட்டைக் கையில் வாங்கியவருக்குத்தான் ஃபைலிங் என்றால் என்னவென்று தெரியும்.

பிரிவு எண்களை ஒருமுறைக்கு இருமுறை சரிபாருங்கள். 2024 ஜூலை 1 அன்று புதிய குற்றவியல் சட்டங்கள் நடைமுறைக்கு வந்ததிலிருந்து ஒரு பிழை அடிக்கடி கண்ணில் படுகிறது: "பி.என்.எஸ்.எஸ். பிரிவு 482இன் கீழ் எஃப்.ஐ.ஆர். ரத்து மனு வரைந்தேன்." 482 என்பது பழைய சட்டத்தின் எண். ரத்து கோரும் அதிகாரம் புதியதில் 528ஆம் பிரிவு. புதியதில் 482 என்றால் முன்ஜாமீன். இந்த ஒரு வரி, பழைய மாதிரியைப் பார்த்து எழுதியதைக் காட்டிக்கொடுத்துவிடும்.

மூட் கோர்ட்டுக்கு மூன்று வரி போதும். போட்டியின் பெயரோடு நிறுத்தாமல், பேச்சாளரா ஆய்வாளரா, எந்தத் தரப்பு, எந்தச் சட்டப் பிரச்சினை உங்கள் பங்கு என்று சொல்லுங்கள். விசாரணை நீதிமன்றத்தில் சிவில் வழக்கு நடத்தும் என்னைப் போன்றவர்கள் அதைக் கடந்து போய்விடுவோம், உண்மையைச் சொல்கிறேன். ரிட் மனுக்கள் அதிகம் பார்க்கும் சேம்பர் என்றால் மேலே ஏற்றுங்கள்; மெமோரியலில் நீங்களே எழுதிய நான்கு பக்கத்தை இணைத்தால் இன்னும் நல்லது.

கோர்ட் அனுபவம் என்ற தலைப்பில் நீதிமன்றங்களின் பட்டியல் வேண்டாம். எந்தக் கட்டத்தைப் பார்த்தீர்கள் என்பதை எழுதுங்கள். "சிட்டி சிவில் கோர்ட்டில் ஒரு பாகப்பிரிவினை வழக்கில் வாதி சாட்சியின் குறுக்கு விசாரணையை இரண்டு வாய்தாக்களிலும் முழுமையாகக் கவனித்துக் குறிப்பெடுத்தேன்" என்றால் நான் உடனே கேட்பேன்: எந்தக் கேள்விக்குச் சாட்சி தடுமாறினார்? பதில் இருந்தால் மட்டும் அந்த வரியை வையுங்கள். பதிவுக்குப் பிறகு வாய்தா கேட்டது, பாஸ்ஓவர் கேட்டது ஆகியவற்றைத் தனியாக, தேதியோடு எழுதலாம். அவை உண்மையான ஆஜர்.

மாதிரி வரைவு இணைக்கும்போது கட்சிக்காரரின் பெயர், முகவரி, செக் எண், கணக்கு எண் எல்லாவற்றையும் மறையுங்கள். அதைத் திருத்திய சீனியரிடம் அனுமதியும் கேளுங்கள். பிடிஎஃப்பில் கருப்புக் கட்டம் போட்டால் போதும் என்று நினைக்காதீர்கள், அடியிலிருக்கும் எழுத்தை நகலெடுக்க முடியும். எனக்கு அப்படி ஒன்று வந்தது. எழுத்தையே அழித்து "அ", "ஆ" என்று மாற்றி அனுப்புங்கள். கட்சிக்காரரின் பெயர் தெரியும்படி அனுப்பியவரை, எழுத்து எவ்வளவு நன்றாக இருந்தாலும், நான் நேர்காணலுக்கு அழைக்கவில்லை.