அதிக மார்ஜின் இருந்தும் கையில் காசு நிற்காதது ஏன்?

கேள்வி: கணவரும் நானும் சின்ன மளிகைக் கடை வைத்திருக்கிறோம். வியாபாரம் மோசமில்லை, ஆனால் மாதக் கடைசியில் கையில் ஒன்றும் நிற்பதில்லை. பாலில் பாக்கெட்டுக்கு ஒரு ரூபாய்தான் கிடைக்கிறது, நிறுத்திவிடலாமா என்று யோசிக்கிறோம். 43 சதவீத மார்ஜின் என்று சேல்ஸ்மேன் சொன்னதால் ஒரு மூலிகைத் தைலம் பெட்டியாக எடுத்தோம். எதில்தான் உண்மையான லாபம்? நாலு பொருளின் பில்லையும் விற்பனைக் குறிப்பையும் இணைத்திருக்கிறேன்.

பதில்: தைலத்திலிருந்தே ஆரம்பிப்போம். 140 ரூபாய்க்கு வாங்கி 200க்கு விற்கிறீர்கள், லாபம் 60. சேல்ஸ்மேன் அதை வாங்கின விலையில் வகுத்து 43 சதவீதம் என்கிறார். கல்லாவில் விழுவது விற்ற விலைதானே, அதில் வகுத்தால் 30தான். பொய் சொன்னார் என்று சொல்ல மாட்டேன், அவருக்குச் சாதகமான கணக்கைச் சொன்னார். எல்லாப் பொருளுக்கும் ஒரே மாதிரி, விற்ற விலையில் வகுத்துப் பாருங்கள். இன்னொன்று, நீங்கள் ஜிஎஸ்டி காம்போசிஷனில் இருந்தால் வாங்கும்போது கட்டிய வரி திரும்ப வராது. அதனால் பில்லின் அடியில் இருக்கும் மொத்தத் தொகைதான் உங்கள் அடக்கவிலை.

சரி, 30 சதவீதமும் நல்ல மார்ஜின்தான். ஆனால் மாதம் நாலு பாட்டில்தான் போகிறது, 240 ரூபாய். அதற்காக 24 பாட்டில் எடுத்து 3,360 ரூபாயை முடக்கியிருக்கிறீர்கள், முழுப் பெட்டியும் தீர ஆறு மாதம் ஆகும், அதற்குள் வரும் லாபம் 1,440.

இப்போது வாசலில் சரம் சரமாகத் தொங்கும் பத்து ரூபாய் மசாலா பாக்கெட்டைப் பாருங்கள். அடக்கம் 8.20, லாபம் 1.80, அதாவது 18 சதவீதம்தான். ஆனால் வாரம் 150 போகிறது. 1,230 ரூபாய் போட்டால் ஒரே வாரத்தில் 270 ரூபாய் லாபத்தோடு திரும்பி வருகிறது, அதே காசில் அடுத்த வாரச் சரக்கும் எடுத்துவிடலாம். அதே ஆறு மாதத்தில், 26 வாரத்துக்கு, 7,020 ரூபாய். தைலத்தில் போட்டதில் பாதிகூட இல்லாத முதல், வருவதோ கிட்டத்தட்ட ஐந்து மடங்கு, அதுவும் அலமாரியில் இடமே எடுக்காமல்! ஒரு பொருளில் கிடைக்கும் லாபத்தை மாதத்தில் விற்ற எண்ணிக்கையால் பெருக்கி, அதை அந்தச் சரக்கில் மாட்டியிருக்கும் காசின் பக்கத்தில் எழுதினால் போதும், மார்ஜின் சதவீதம் மட்டும் சொல்லாததை அது சொல்லிவிடும்.

பாலை நிறுத்தாதீர்கள். அங்கே பிரச்சினை அந்த ஒரு ரூபாயில் இல்லை. தினம் 90 பாக்கெட் எடுக்கிறீர்கள், 88 விற்கிறது, இரண்டு கெட்டுப்போகிறது என்று எழுதியிருக்கிறீர்கள். 88 ரூபாய் லாபத்தில் அந்த இரண்டின் அடக்கம் 47 ரூபாய் போனால் மிச்சம் 41. 86 மட்டும் எடுத்து அத்தனையும் விற்றால் 86 ரூபாய் நிற்கும், குறைவாக விற்று இரண்டு மடங்குக்கு மேல். ஆனால் பால் தீர்ந்துபோய் ஆள் அடுத்த கடைக்குப் போனால் அவர் அங்கேயே மற்றதையும் வாங்கிவிடுவார், இது இந்தக் கணக்கில் வராது. ஒரு வாரம் பால் வாங்குபவர்கள் கூடவே வேறு என்ன எடுக்கிறார்கள் என்று ஒரு அட்டையில் கோடு போட்டு வாருங்கள், எவ்வளவு தூரம் குறைக்கலாம் என்று அதிலேயே தெரியும்.

துவரம் பருப்பில் கிலோவுக்கு 15 ரூபாய் என்கிறீர்கள், 130க்கு வாங்கி 145. மூட்டைக்கு 750 வர வேண்டும். ஆனால் சில்லறையாக நிறுக்கும்போது தராசு கொஞ்சம் தாழும், சிந்தும், கல் தூசி போகும், 50 கிலோ மூட்டை 49 ஆகிவிட்டால் கையில் வருவது 605தான். ஒரே ஒரு கிலோ 145 ரூபாயைத் தின்றுவிட்டது. ஒரு மூட்டையைப் பிரித்ததிலிருந்து காலியாகும் வரை அந்தப் பருப்பு விற்ற காசைத் தனி டப்பாவில் போட்டுப் பாருங்கள், சந்தேகமே இருக்காது.

பில்லிங் மெஷின் இல்லையென்றால் மற்றவற்றுக்கு இப்படிச் செய்யலாம். முதலில் அதிகம் ஓடும் 20 பொருளை மட்டும் எடுங்கள். 1ஆம் தேதி இருப்பையும் மாதத்தில் வாங்கியதையும் கூட்டி, கடைசித் தேதி இருப்பைக் கழித்தால் போனது எவ்வளவு என்று வரும். போனது என்றுதான் சொல்கிறேன், விற்றது என்று அல்ல. உடைந்தது, எலி கடித்தது, முக்கியமாக உங்கள் சமையலறைக்குப் போனது எல்லாம் அதில் இருக்கும். வீட்டுக்கு எடுப்பதை ஒரு நோட்டில் எழுதாமல் இந்தக் கணக்கைப் போட்டால் எண்ணெயும் பருப்பும் கடையில் எப்போதும் அமோகமாக ஓடுவது போலவே தெரியும் (நானும் அப்படி ஏமாந்திருக்கிறேன்).

மீதம் இருக்கும் 16 தைலத்தை 160க்குக் கொடுத்துத் தீருங்கள், அப்போதும் பாட்டிலுக்கு 20 ரூபாய் நிற்கும், மாட்டியிருக்கும் 2,240 ரூபாயும் வெளியே வரும். அடுத்த முறை சேல்ஸ்மேன் வந்தால் பெட்டியை உடைத்து ஆறு பாட்டில் தரச் சொல்லுங்கள், விற்காததைத் திருப்பி எடுப்பாரா என்றும் கேளுங்கள். மாட்டேன் என்றால் ஒரு டீ வாங்கிக் கொடுத்து அனுப்பிவிடுங்கள்.